முகவரி வேண்டாம், செய்தி போய்ச் சேர்ந்தால் போதும்

ஒரு படத்தைப் பார்த்து அது எந்த இடம் என்று கண்டுபிடிப்பது எனக்குப் பல வருடப் பழக்கம். இறந்துபோன அப்பாவின் பெட்டியில் கிடைத்த படத்தில் பின்னால் தெரிகிற பாலம் எது, செய்தியில் வந்த வெள்ளப் படம் உண்மையிலேயே அந்த ஊரில் எடுத்ததுதானா என்றெல்லாம் கேட்டு வருவார்கள். மலைமுகட்டின் வடிவம், மின்கம்பத்தின் வகை, நிழல் விழுகிற பக்கம் என்று ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டே போனால் பல நேரம் விடை கிடைத்துவிடும். அதில் ஒரு தனி சந்தோஷம் உண்டு. ஆனால் ஒரு கேள்விக்கு மட்டும் நான் உட்காருவதில்லை. "இவங்க வீடு எங்கே இருக்குன்னு பார்த்துச் சொல்லுங்க" என்கிற கேள்வி அது.

கடைசியாக அப்படிக் கேட்டு வந்தவர் நல்ல மனிதர். கெட்ட எண்ணத்தோடு வருகிறவரை மறுப்பது சுலபம். நல்ல காரணத்தோடு வருகிறவரிடம் மாட்டேன் என்று மட்டும் சொல்லி அனுப்பினால், அவர் வேறு யாரையாவது பிடித்துக் காரியத்தை முடித்துக்கொள்வார். அதனால் அவரோடு உட்கார்ந்து இருக்கிற வழிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தோம். அன்றைக்குப் பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அவர் எனக்குத் தெரிந்தவரின் தம்பி. ஓர் அரை மாரத்தானில் ஓடியிருக்கிறார். 17-வது கிலோமீட்டரில் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டு, கண் இருட்டி, சாலையோரமாக விழுந்துவிட்டார். பின்னால் ஓடிவந்த ஒரு பெண் தன் ஓட்டத்தை நிறுத்தி, அவர் காலை நீட்டிப் பாதத்தை மடக்கிப் பிடித்து, இடுப்பில் கட்டியிருந்த நீலநிற ஜாக்கெட்டை அவிழ்த்துப் போர்த்தி, மருத்துவக் குழு வருகிறவரை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். ஸ்ட்ரெச்சரில் ஏற்றிய அவசரத்தில் ஜாக்கெட் இவரோடு வந்துவிட்டது. பெயரைக் கூடக் கேட்கவில்லை.

வீடு திரும்பியதும் அந்த ஓட்டத்தின் ஹேஷ்டேகில் வந்த படங்களையெல்லாம் தள்ளித் தள்ளிப் பார்த்து, அந்தப் பெண்ணின் இன்ஸ்டாகிராம் கணக்கைக் கண்டுபிடித்துவிட்டார். அதில் உண்மைப் பெயர் இல்லை. ஓட்டப் படங்கள், கொஞ்சம் செடிகள், அப்புறம் ஒரு பால்கனி. கம்பிக்கு அப்பால் எதிர்க் கட்டடமும், அதன் மேலே ஒரு தண்ணீர்த் தொட்டியும், வளைந்து போகிற ஒரு சாலையும் தெரிந்தன. அந்தப் பால்கனிப் படத்தைத்தான் எனக்கு அனுப்பினார். "அண்ணா, இதை வெச்சு வீட்டைக் கண்டுபிடிச்சுக் குடுங்க. நேர்ல போய் ஜாக்கெட்டைக் குடுத்து, ஒரு கும்பிடு போட்டுட்டு வந்துடறேன்" என்றார்.

கண்டுபிடித்திருக்க முடியுமா? ஒருவேளை முடிந்திருக்கும். ஆனாலும் "படத்துல ஒண்ணும் தெரியலை" என்று பொய் சொல்ல எனக்கு மனமில்லை. முடியாது என்றால் அதற்குத் திறமை போதவில்லை என்று அர்த்தமாகிவிடும், திறமை உள்ள இன்னொருவரைத் தேடிப் போவார். அதனால் நேராகவே சொன்னேன். "தம்பி, இதை நான் தேட மாட்டேன். உங்க மேல சந்தேகப்பட்டுச் சொல்லலை. அவங்க வீடு எங்கேன்னு சொல்றது அவங்க சொல்ல வேண்டிய விஷயம். ஆனா ஜாக்கெட்டும் நன்றியும் போய்ச் சேரணும். அதுக்கு வீடு தெரிய வேண்டியதில்லை. வாங்க, பார்ப்போம்."

எந்த வழியை எடுத்தாலும் நாங்கள் கேட்டுக்கொண்ட கேள்வி ஒன்றுதான். பேச விருப்பமில்லையென்றால், எந்தச் சங்கடமும் இல்லாமல் சும்மா இருந்துவிட அந்தப் பெண்ணுக்கு இடம் இருக்கிறதா?

வீட்டைத் தேடிப் போவது

இந்தக் கேள்வியில் முதலில் தோற்பது முகவரி தேடுகிற வழிதான். செய்தி வந்தால் திறக்காமல் விடலாம். வாசலில் ஆள் நின்றால் அப்படி விட முடியாது. கதவைத் திறக்காவிட்டாலும், இவனுக்கு என் வீடு எப்படித் தெரிந்தது, நாளைக்கும் வருவானோ என்கிற எண்ணம் அந்த வீட்டுக்குள் நுழைந்துவிடும். வந்தவர் எத்தனை நல்லவராக இருந்தாலும், அவர் நல்லவர் என்று கதவுக்கு உள்ளே இருப்பவருக்குத் தெரிய வழியில்லை.

தம்பி விடவில்லை. "நான் நன்றி சொல்லத்தானே போறேன், என்னை உங்களுக்குத் தெரியுமே" என்றார். தெரியும்தான். ஆனால் என்னிடம் கேட்டு வருகிற எல்லோரும் இதே மாதிரி ஒரு காரணத்தோடுதான் வருவார்கள். நன்றி சொல்ல, தொலைந்த பொருளைக் கொடுக்க, பழைய சிநேகிதரைப் பார்க்க. மோசமான எண்ணம் உள்ளவர் அதை என்னிடம் சொல்லிவிட்டா கேட்கப்போகிறார்? கேட்பவரின் முகத்தை வைத்து நான் முடிவெடுத்தால், ஒரு முறை தப்பாகக் கணித்தால்கூட அதன் விலையைக் கொடுப்பது நானில்லை.

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் 1999-ல் நடந்தது இதுதான். ஓர் இளம்பெண்ணைப் பல வருடங்களாகப் பின்தொடர்ந்துகொண்டிருந்த ஒருவன், தகவல் தேடித் தருகிற நிறுவனத்துக்குப் பணம் கட்டி, அந்தப் பெண் வேலை செய்கிற இடத்தின் முகவரியை வாங்கினான். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. அந்த இடத்துக்குப் போய் அந்தப் பெண்ணைச் சுட்டுக் கொன்றுவிட்டான். வழக்கு அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் வரை போனது. தகவலைத் தேடி விற்பவருக்கு, யாரைப் பற்றிய தகவலை விற்கிறாரோ அவர் விஷயத்திலும் கவனமாக இருக்க வேண்டிய கடமை உண்டு என்று 2003-ல் நீதிமன்றம் சொன்னது. நான் காசு வாங்குவதில்லை. ஆனாலும் அந்தக் கடமை எனக்கும் உண்டு என்றே நினைக்கிறேன்.

அது படம் வைத்துத் தேடியது இல்லையே என்று கேட்கலாம். படம் வைத்து நடந்ததும் உண்டு. ஜப்பானில் 2019-ல் ஓர் இளம் பாடகியைத் தாக்கியதாக ஒருவர் கைதானார். அந்தப் பெண் போட்ட செல்ஃபியில், கண்ணின் கருவிழியில் பிரதிபலித்த காட்சியைப் பெரிதாக்கிப் பார்த்து, அது எந்த ரயில் நிலையம் என்று இணைய வரைபடத்தின் தெருக் காட்சிப் படங்களோடு ஒப்பிட்டுக் கண்டுபிடித்திருக்கிறார். அந்த நிலையத்தில் காத்திருந்து, வீடு வரை பின்னாலேயே போயிருக்கிறார்.

இந்தச் சம்பவத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். படம் அந்த ஆளை ரயில் நிலையம் வரைதான் கொண்டுபோனது. மீதி தூரத்தைக் காத்திருந்து பின்தொடர்ந்துதான் கடந்தார். படத்தை வைத்து வீடு தேடுகிற எல்லா முயற்சியும் கடைசியில் இந்த இடத்தில்தான் வந்து நிற்கும். பால்கனிப் படம் எனக்கு ஒரு பகுதியைத் தரலாம், அதிகம் போனால் ஒரு கட்டடத்தைத் தரலாம். கதவு எண்ணைத் தராது. ஒரே வரைபடத்தில் கட்டின நான்கு கட்டடங்கள் வரிசையாக இருந்தால், நான்கிலிருந்தும் ஏறக்குறைய ஒரே காட்சிதான் தெரியும். அதற்கு மேல் தெரிய வேண்டுமென்றால் காவலாளியிடம் படத்தைக் காட்டிக் கேட்க வேண்டும், இல்லையென்றால் கீழே நின்று யார் வருகிறார்கள் என்று பார்க்க வேண்டும். "ஒரு ஆள் உங்க போட்டோவைக் காட்டி விசாரிச்சுட்டுப் போனான்" என்று காவலாளி அந்தப் பெண்ணிடம் சொன்னால் எப்படி இருக்கும் என்று தம்பியிடம் கேட்டேன். அவர் முகம் மாறியது அந்த இடத்தில்தான்.

தப்பான வீடாகிப் போகவும் நிறைய வாய்ப்பு உண்டு. அந்தப் பால்கனி தோழியுடையதாக இருக்கலாம், போன வருடமே காலி செய்த வீடாகவும் இருக்கலாம். படம் போட்ட தேதி வேறு, எடுத்த தேதி வேறு. சம்பந்தமே இல்லாத ஒரு குடும்பத்தின் கதவை நாம் தட்டிக்கொண்டிருப்போம்.

சிலர் இன்னொன்று கேட்பார்கள். "தேடவே வேண்டாம், படத்துக்குள்ளேயே ஜிபிஎஸ் இருக்குமாமே?" சில படங்களில் இருக்கும். தேடப்பட்டுக்கொண்டிருந்த தொழிலதிபர் ஜான் மெக்காஃபி குவாத்தமாலாவில் இருப்பது 2012 டிசம்பரில் வெளியே தெரிந்தது, ஒரு பத்திரிகை போட்ட படத்துக்குள் இருந்த இடக்குறிப்பால்தான். பெரிய சமூக வலைத்தளங்கள் பொதுவாகப் படத்தை ஏற்றும்போதே அந்தக் குறிப்பை நீக்கிவிடுகின்றன. மின்னஞ்சலில் அப்படியே இணைத்து அனுப்பினாலோ, வாட்ஸ்அப்பில் டாக்குமெண்ட்டாக அனுப்பினாலோ தங்கிவிடும். அப்படி ஒரு படம் நம் கைக்கு வந்தால், அனுப்பியவருக்குத் தெரிந்திருக்காது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். "உங்க படத்துல இடம் பதிவாகுது, பார்த்துக்கோங்க" என்று சொல்வதுதான் முறை. கதவு பூட்டாமல் கிடக்கிறது என்பதால் உள்ளே போகலாம் என்று ஆகிவிடாது.

ஏற்பாட்டாளர் மூலம் போவது

எங்களுக்கு முதலில் தோன்றிய வழி இது. அதிகம் பலன் தரக்கூடியதும் இதுதான். மாரத்தானில் ஓடுகிற ஒவ்வொருவரும் மார்பில் ஒரு எண் அட்டையைக் குத்திக்கொண்டு ஓடுகிறார்கள். பதிவு செய்யும்போது தொலைபேசி எண், மின்னஞ்சல், அவசரத்துக்குத் தொடர்புகொள்ள ஒருவரின் எண் எல்லாம் கொடுத்திருப்பார்கள். அந்த எண் அட்டை தெரிந்தால் ஏற்பாட்டாளர்களுக்கு அந்தப் பெண் யாரென்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

எண் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. தம்பியை ஏற்றிக்கொண்டுபோன மருத்துவக் குழு, எத்தனை மணிக்கு எந்த கிலோமீட்டரில் ஏற்றினோம் என்று குறித்து வைத்திருக்கும். அந்த நேரத்தில் நடுவே நின்று, ரொம்ப நேரம் கழித்து முடித்தவர்கள் யார் என்பது டைமிங் சிப்பின் பதிவில் தெரியும். இதையெல்லாம் பார்க்க வேண்டியது நாமில்லை, ஏற்பாட்டாளர்கள். நாம் கொடுக்க வேண்டியது நம்மைப் பற்றிய விவரங்களைத்தான்.

இங்கே ஒரு சின்ன விஷயத்தில்தான் எல்லாமே இருக்கிறது. கேட்கிற விதம். "அவங்க நம்பர் குடுங்க" என்று கேட்டால் பொறுப்பான ஏற்பாட்டாளர் மறுத்துவிடுவார், அதோடு கதவு மூடிக்கொள்ளும். பொறுப்பில்லாதவர் எடுத்துக் கொடுத்துவிடுவார், அது அதைவிட மோசம். கேட்க வேண்டியது இப்படி என்று இருவருமாக உட்கார்ந்து எழுதினோம்.

"வணக்கம். உங்கள் அரை மாரத்தானில் 17-வது கிலோமீட்டரில் மயங்கி விழுந்து, உங்கள் மருத்துவக் குழு அழைத்துச் சென்றவன் நான். என் எண் அட்டை இது. எனக்காக ஓட்டத்தை நிறுத்தி உதவிய பெண்ணின் நீலநிற ஜாக்கெட் என்னிடம் இருக்கிறது. அவருடைய விவரங்கள் எனக்கு வேண்டாம். கீழே உள்ள செய்தியை அவருக்கு மட்டும் அனுப்பிவைக்க முடியுமா? அவர் பதில் சொல்ல விரும்பினால் நேராக எனக்கோ உங்கள் மூலமாகவோ சொல்லலாம். விருப்பமில்லையென்றால் ஜாக்கெட்டை உங்கள் அலுவலகத்தில் கொடுத்துவிடுகிறேன்."

கடைசி வாக்கியம் ரொம்ப முக்கியம். அந்தப் பெண் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் தன் பொருளைத் திரும்பப் பெற வழி கிடைக்கிறது. சந்திப்புக்கும் ஜாக்கெட்டுக்கும் முடிச்சு போடவில்லை. "வந்து வாங்கிக்கோங்க" என்று பொருளைக் கையில் பிடித்துக்கொண்டு கூப்பிட்டால், அது நன்றி மாதிரி இருக்காது.

ஆட்களைத் தேடுவதையே வேலையாகச் செய்கிறவர்களும் இப்படித்தான் நடந்துகொள்கிறார்கள். போரிலும் பேரிடரிலும் பிரிந்துபோன குடும்பங்களைத் தேடிச் சேர்க்கிற பணியைப் பன்னாட்டுச் செஞ்சிலுவைச் சங்கம் 1870-ல் பாசல் நகரில் தொடங்கிய அலுவலகத்திலிருந்து இன்றுவரை செய்துகொண்டிருக்கிறது. தேடப்படுகிறவர் கிடைத்துவிட்டால், அவர் சம்மதிக்காமல் அவருடைய முகவரியைத் தேடியவரிடம் கொடுப்பதில்லை. தேடுவது சொந்த அண்ணனாக இருந்தாலும் அப்படித்தான். கூடப் பிறந்தவருக்கே இது பொருந்துமானால், 17-வது கிலோமீட்டரில் ஒரு முறை பார்த்தவருக்குப் பொருந்தாதா?

இந்த வழியிலும் சிக்கல் வரும். ஓட்டம் முடிந்ததும் ஏற்பாட்டாளர்கள் கலைந்துவிடுவார்கள், மின்னஞ்சல்கள் படிக்கப்படாமல் கிடக்கும். பத்து நாளில் பதில் இல்லையென்றால் தொலைபேசியில் ஒரு முறை நினைவூட்டலாம். அங்கே யாராவது "அட, அவங்க நம்பர் இதோ இருக்கு, எழுதிக்கோங்க" என்று தாராளமாக நீட்டினால் வாங்கக் கூடாது. தம்பிக்கு இது புரிய கொஞ்ச நேரம் ஆனது. "அவங்களே குடுக்கறாங்களே அண்ணா?" அந்த எண்ணைப் பதிவுக்காகக் கொடுத்தவர் அந்தப் பெண். அதை யாருக்குக் கொடுக்கலாம் என்று அங்கே உட்கார்ந்திருப்பவர் முடிவு செய்ய முடியாது.

மாரத்தான் என்பதால் ஏற்பாட்டாளர். வேறு இடத்தில் இதே வேலையை வேறு யாராவது செய்வார்கள். கருத்தரங்கில் பார்த்தவரென்றால் அதை நடத்தியவர்கள், பயணத்தில் பார்த்தவரென்றால் தொலைந்த பொருட்களுக்கான அலுவலகம், ஒரு படத்தை எடுத்தவரைத் தேடுகிறோமென்றால் அதை வெளியிட்ட பத்திரிகை. இரண்டு பேரையும் தெரிந்த, விவரத்தைக் கொடுக்காமல் செய்தியை மட்டும் கொண்டுபோகக்கூடிய ஓர் இடம் அநேகமாக எல்லாச் சந்திப்புக்கும் இருக்கும்.

நேராகச் செய்தி அனுப்புவது

அந்தப் பெண்ணின் கணக்கு தெரிந்துவிட்டதே, அதிலேயே எழுதலாமே என்பது அடுத்த வழி. எழுதலாம். தான் யார் என்று சொல்லாமல் வைத்திருந்தாலும், பொதுவில் திறந்து வைத்திருக்கிற ஒரு வாசல் அது. இன்ஸ்டாகிராமில் நம்மைப் பின்தொடராத ஒருவருக்கு எழுதினால் அது ரிக்வெஸ்ட் பகுதியில் போய் விழும். அவர் ஏற்காத வரை, படித்தாரா இல்லையா என்று நமக்குத் தெரியாது. 2023-லிருந்து அங்கே முதல் தடவை ஒரே ஒரு செய்திதான் அனுப்ப முடியும், அதுவும் எழுத்து மட்டும், படம் சேர்க்க முடியாது. அனுப்புகிறவருக்கு இது எரிச்சலாக இருக்கும். பெறுகிறவருக்கு இது எத்தனை பெரிய நிம்மதி என்று, தெரியாத ஆட்களிடமிருந்து படம் படமாக வந்து குவிந்த அனுபவம் உள்ளவரைக் கேட்டால் தெரியும்.

ஒரே ஒரு செய்திதான் என்பதால் அதைச் சரியாக எழுத வேண்டும். தம்பி முதலில் எழுதியது "ஹாய், என்னை ஞாபகம் இருக்கா?" அதை யாரும் திறக்க மாட்டார்கள், தினமும் வருகிற நூறு செய்திகளும் இப்படித்தான் இருக்கும். இரண்டாவது முறை பால்கனியைப் பற்றி, செடிகள் அழகாக இருப்பதைப் பற்றி எழுதினார். அதை உடனே எடுக்கச் சொன்னேன். பழைய படங்களையெல்லாம் இவன் உட்கார்ந்து பார்த்திருக்கிறான் என்று அது சொல்லிவிடும். கடைசியில் இப்படி வந்து நின்றது.

"வணக்கம். ஓட்டத்தின் 17-வது கிலோமீட்டரில் கால் இழுத்து விழுந்தவன் நான். நீங்கள் நின்று உதவியதற்கு மனமார்ந்த நன்றி, இப்போது நலமாக இருக்கிறேன். ஓட்டத்தின் ஹேஷ்டேக் மூலம் இந்தக் கணக்கைப் பார்த்தேன். உங்கள் நீல ஜாக்கெட் என்னிடம் இருக்கிறது, ஏற்பாட்டாளர் அலுவலகத்தில் கொடுத்துவிடலாமா? பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை."

எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதை அவர் கேட்கும் முன்பே சொல்லிவிடுவது நல்லது. தெரியாதவரிடமிருந்து வருகிற செய்தியில் முதலில் எழுகிற பயமே அதுதான். நன்றி கேள்விக்குள் மாட்டிக்கொள்ளாமல் தனியாக நிற்கிறது, பதிலே வராவிட்டாலும் அது போய்ச் சேர்ந்துவிடும்.

ஏற்பாட்டாளர் வழியை விட இது ஒரு படி கீழேதான். அங்கே நடுவில் ஒருவர் இருப்பதால், எழுதியவர் உண்மையிலேயே அன்றைக்கு விழுந்தவர்தான் என்று அந்தப் பெண்ணுக்கு உறுதியாகத் தெரிகிறது. இங்கே அந்த உறுதி இல்லை. தவிர, செய்தி ஒளிந்திருக்கிற பகுதியில் மாதக்கணக்கில் கிடக்கலாம். அதனால் பதில் வரவில்லை என்பதற்காக இன்னொரு கணக்கைத் திறந்து எழுதுவதோ, எல்லாப் படத்துக்கும் விருப்பம் போட்டுக் கவனத்தை ஈர்ப்பதோ, கருத்துப் பகுதியில் "மெசேஜ் பாருங்க" என்று எழுதுவதோ கூடாது. தொல்லை தொடங்குவது இந்த இடத்தில்தான்.

தெரிந்தவர் மூலமாகச் சொல்லி அனுப்புவதும் உண்டு. அந்தப் பெண்ணின் டி-ஷர்ட்டில் ஓர் ஓட்டக் குழுவின் பெயர் இருந்தது. குழுவை நடத்துகிறவரிடம் சொன்னால் போய்ச் சேரும். ஆனால் நடுவில் இருப்பவர் நண்பராக இருந்தால் வற்புறுத்துவார். "பாவம், அந்தப் பையன் தேடிக்கிட்டே இருக்கான், ஒரு தடவை பேசிடேன்" என்பார். நாலு பேர் காதில் விழுந்து கதையாகவும் ஆகும். ஏற்பாட்டாளர் கைவிட்டால் மட்டும் இந்த வழி.

எல்லோரும் பார்க்கப் பதிவு போடுவது

"இவங்களை யாருக்காவது தெரியுமா? கண்டுபிடிக்க உதவுங்க, ஷேர் பண்ணுங்க." இந்த மாதிரிப் பதிவுகளைப் பார்த்தால் எல்லோருக்கும் மனம் இளகும். எனக்கு வயிற்றைக் கலக்கும். படத்தில் இருப்பவர் அடித்த கணவரை விட்டு ஊர் மாறி வந்தவராக இருக்கலாம். தன் பெயரை மறைத்து வைத்திருப்பதற்கு அவருக்கு ஒரு காரணம் இருக்கும், அதை அவர் நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. பதிவு பரவினால் கீழே கருத்துப் பகுதியில் பெயர் வரும், வேலை செய்கிற இடம் வரும், யாரோ ஒருவர் வீட்டையும் எழுதிவிடுவார். பதிவு போட்டவர் பிறகு நீக்கினாலும் எடுத்து வைத்தவர்களிடம் இருக்கும். ஒருவர் முகவரியைத் தேடிப் போவதை விடவும் இது மோசம், ஏனென்றால் தேடியது யார் யார் என்றே தெரியாது.

ஆனால் இதையே திருப்பிப் போட்டால் நல்ல வழி ஒன்று கிடைக்கிறது. அவருடைய படத்தைப் போடாமல் தன் படத்தைப் போடுவது. "17-வது கிலோமீட்டரில் விழுந்தவன் நான். உதவிய உங்களுக்கு நன்றி. நீல ஜாக்கெட் பத்திரமாக இருக்கிறது. நீங்கள் யாரென்று இங்கே யாரும் எழுத வேண்டாம். என்னைத் தொடர்புகொள்ள வேண்டுமென்றால் இதோ என் மின்னஞ்சல்." அவரைத் தேடுவதற்குப் பதிலாக, அவர் தேடினால் கிடைக்கிற இடத்தில் தம்பி போய் நிற்கிறார், அவ்வளவுதான். கருத்துப் பகுதியை மூடிவிடுவது நல்லது. பொய்யாக யாராவது "நான்தான்" என்று வந்தால் பிடிக்க, ஜாக்கெட்டைப் பற்றி ஒரு விவரத்தை வெளியே சொல்லாமல் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த ஜாக்கெட்டின் இடது பையில் ஒரு சாவி வளையம் இருந்தது. அதைப் பதிவில் எழுத வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

நன்றி சொல்வதற்காக இல்லையென்றால்

எல்லோரும் ஜாக்கெட்டோடு வருவதில்லை. பணம் வாங்கி ஏமாற்றியவர், இடித்துவிட்டு நிற்காமல் போனவர், மிரட்டல் அனுப்புகிறவர் என்று கோபத்தோடு வருகிறவர்களும் உண்டு. அவர்களுக்கும் நான் வீட்டைத் தேடித் தருவதில்லை. அங்கே நேரில் போவது இரண்டு பக்கத்துக்கும் ஆபத்து. ஆள் மாறிவிட்டால் ஒரு நிரபராதியின் வாசலில் சண்டை நடக்கும். அதற்குக் காவல்துறையும் நீதிமன்றமும் இருக்கின்றன. வலைத்தளங்கள் கணக்கு வைத்திருப்பவரின் விவரத்தைச் சட்டப்படி கேட்டால் அவர்களுக்குத் தரும், நமக்குத் தராது. நாம் செய்ய வேண்டியது கணக்கின் முழு இணைப்பு, தேதி நேரத்தோடு செய்திகளின் ஸ்கிரீன்ஷாட், பணம் போன ரசீது ஆகியவற்றை அழியாமல் எடுத்து வைத்துப் புகாரோடு கொடுப்பது.

யோசிக்காமல் உடனே செயல்பட வேண்டிய ஒரு சந்தர்ப்பமும் உண்டு. முன்பின் தெரியாத ஒருவர், சாகப்போகிறேன் என்கிற மாதிரி எழுதி ஒரு படம் போட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்போது இடம் தெரிவது உயிரைக் காக்கும். அப்போதும் நாம் கிளம்பிப் போகக் கூடாது. அவசர உதவி எண்ணுக்குப் பேசி, கணக்கின் இணைப்பையும் படத்தில் தெரிகிற கடைப்பெயர் போன்ற குறிப்புகளையும் சொல்ல வேண்டும். அந்த வலைத்தளத்திலேயே தற்கொலை அபாயம் என்று புகார் செய்கிற வசதியையும் பயன்படுத்த வேண்டும். படத்தில் எனக்கு ஏதாவது தெரிந்தால் அதையும் அவர்களிடம் மட்டும்தான் சொல்வேன், பொதுவில் எழுத மாட்டேன்.

இதற்கு முன்மாதிரி இருக்கிறது. குழந்தைகளைத் துன்புறுத்தும் குற்றங்களைக் கண்டுபிடிக்க, ஐரோப்பிய ஒன்றியத்தின் காவல் அமைப்பான யூரோபோல் 2017-லிருந்து சில படங்களை வெளியிடுகிறது. அதில் குழந்தையின் முகம் இருக்காது. ஒரு பை, ஒரு திரைச்சீலை, ஒரு பாட்டிலின் லேபிள் என்று வெட்டி எடுத்த துண்டு மட்டும் இருக்கும். இது எந்த நாட்டுப் பொருள் என்று தெரிந்தவர் யூரோபோலுக்கு நேராகச் சொல்லலாம். என் பழக்கத்துக்கு இதைவிட நல்ல உபயோகம் எனக்குத் தெரியவில்லை.

ஜாக்கெட் என்ன ஆனது

தம்பி ஏற்பாட்டாளர்களுக்கு எழுதினார். இன்ஸ்டாகிராமில் எழுதி வைத்ததை அனுப்ப வேண்டாம், முதலில் ஒரு வழியில் மட்டும் போவோம் என்று சொல்லியிருந்தேன். ஒரே நாளில் நாலு பக்கத்திலிருந்தும் செய்தி வந்தால், அது நல்ல செய்தியாகவே இருந்தாலும் சுற்றி வளைத்த மாதிரி இருக்கும். அங்கே பதில் கிடைக்கவில்லையென்றால் இன்ஸ்டாகிராம், அதற்கும் இல்லையென்றால் அதோடு நிறுத்திவிடுவது என்று பேசி வைத்தோம். அவர் ஒப்புக்கொள்ள ரொம்பத் தயங்கினது அந்தக் கடைசிப் பகுதிக்குத்தான்.

ஏழாம் நாள் "உங்கள் செய்தியை அனுப்பிவிட்டோம்" என்று ஏற்பாட்டாளரிடமிருந்து ஒரு வரி வந்தது. அதற்கப்புறம் ஐந்து நாள் எதுவும் இல்லை. தம்பி தினமும் என்னைக் கேட்டார். அனுப்பியாகிவிட்டது, இனி அவங்க நேரம் என்று சொன்னேன்.

அந்த வரி வந்த ஆறாம் நாள் ஏற்பாட்டாளர் மூலமாகவே பதில் வந்தது. நலமாக இருப்பது தெரிந்து சந்தோஷம், அன்றைக்கு இரவெல்லாம் என்ன ஆனாரோ என்று நினைத்துக்கொண்டிருந்தேன், ஜாக்கெட்டை அலுவலகத்தில் வைத்துவிட்டால் எடுத்துக்கொள்கிறேன், சாவி வளையம் பையில் இருக்கிறதா என்று பார்க்க முடியுமா, அது என் அம்மாவுடையது. இவ்வளவுதான். பெயர் இல்லை, எண் இல்லை, சந்திக்கலாம் என்ற வார்த்தை இல்லை.

தம்பிக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான், மறைக்கவில்லை. ஜாக்கெட்டைத் துவைத்து மடித்து, சாவி வளையத்தைத் தனியாக ஒரு சின்ன உறையில் போட்டு மேலே வைத்து, ஏற்பாட்டாளர் அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்தார். அந்தப் பால்கனிப் படத்தை என் தொலைபேசியிலிருந்து நான் அழித்தேன், அவரும் அழித்துவிட்டதாகச் சொன்னார்.